‘வேண்டாம்’ வந்து சேரவில்லை

ஆய்வகங்களுக்கும் சிறிய மருத்துவமனைகளுக்கும் எஸ்எம்எஸ் அனுப்பும் மென்பொருளை நிறுவிப் பராமரிப்பது என் வேலை. போன வாரம் ஒரு ஆய்வகத்திலிருந்து அழைப்பு வந்தது. அறுபதைத் தாண்டிய ஒரு அம்மா வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வந்தவர், வரிசையில் உட்கார்ந்தபடியே வியர்த்து, கை நடுங்கிச் சரிந்திருக்கிறார். விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை மிகவும் இறங்கியிருந்தது. குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்ததும் தெளிந்துவிட்டார்.

“மாத்திரை போட வேண்டாம்னு மெசேஜ் அனுப்பினோமேம்மா?” என்று கேட்டிருக்கிறார் அங்கிருந்த ஊழியர். “போட வேண்டும்னுதானே தம்பி வந்துச்சு” என்று அந்த அம்மா போனை எடுத்துக் காட்டியிருக்கிறார். திரையில் இருந்தது இது:

“நாளை காலை 7 மணிக்கு ரத்தப் பரிசோதனை. அதுவரை சர்க்கரை மாத்திரை போட வேண்”

அவ்வளவுதான். மிச்சமிருந்த ‘டாம்’ என்பதும், இரவு 9 மணிக்கு மேல் சாப்பிடக் கூடாது, தண்ணீர் குடிக்கலாம் என்ற அடுத்த வரியும், சந்தேகம் இருந்தால் அழைக்க வேண்டிய எண்ணும் வரவே இல்லை. ரத்தப் பரிசோதனை என்றால் வெறும் வயிறு என்பது அவருக்குப் பழக்கம். அதனால் சாப்பிடவில்லை, மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டார். சில சர்க்கரை மாத்திரைகளை அப்படிப் போட்டால் இப்படித்தான் ஆகும்.

இந்த ஆண்டில் நான் பார்க்கும் மூன்றாவது வெட்டுப்பட்ட தமிழ் செய்தி இது. ஒவ்வொரு முறையும் எனக்குக் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: “எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து இருக்கே சார், நாங்க நூறைக்கூடத் தாண்டலையே.”

தயவுசெய்து இந்த 160-ஐ மறந்துவிடுங்கள். அது ஆங்கிலத்துக்கான கணக்கு. ஒரு எஸ்எம்எஸ்ஸில் இருக்கும் இடம் 140 பைட், அதாவது 1120 பிட். ஆங்கில எழுத்துக்கு 7 பிட் போதும், அதனால் 160 கொள்ளும். தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 16 பிட் வேண்டும், எனவே 70 மட்டுமே. நூறு வார்த்தை ஆங்கிலத்துக்கு நடுவில் ஒரே ஒரு தமிழ் எழுத்தோ ₹ குறியோ நுழைந்தாலும் முழுச் செய்தியும் 70 கணக்குக்கு மாறிவிடும்.

அந்த 70-ம் நீங்கள் கண்ணால் எண்ணும் எழுத்துகள் அல்ல. ‘வேண்டாம்’ என்பதை நாம் வே, ண், டா, ம் என்று நான்காக எண்ணுவோம். போனுக்கு அது எட்டு, ஏனென்றால் வ தனி, ஏகாரக் குறி தனி, ண தனி, புள்ளி தனி. மேலே இருக்கும் அந்தச் செய்தியை அப்படி எண்ணிப் பாருங்கள். ‘வேண்’ என்பதன் புள்ளியோடு சரியாக 70.

நீளமான செய்தி துண்டுகளாகப் போய்ப் போனில் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும் வசதி உண்டுதான். ஆனால் துண்டுக்குத் துண்டு காசு. அதனால் ‘ஒரு எஸ்எம்எஸ்ஸோடு நிறுத்து’ என்ற அமைப்பை யாரோ போட்டுவிடுகிறார்கள். சோதித்துப் பார்ப்பதும் ஆங்கிலத்தில், அதுவும் “Test message” என்று இரண்டே வார்த்தையில். ‘Delivered’ என்று பச்சை விழுந்ததைக் காட்டுகிறார்கள். அனுப்பிய 70 போய்ச் சேர்ந்தது என்றுதான் அதற்குப் பொருள். வெட்டியது அனுப்புவதற்கு முன்னாலேயே நடந்துவிட்டது.

ஆங்கிலத்தில் ‘Do not’ முதலில் வந்துவிடும், வால் போனாலும் தலை காப்பாற்றும். தமிழில் மறுப்பு வாக்கியத்தின் கடைசியில் உட்கார்ந்திருக்கிறது. வேண்டும், வேண்டாம் இரண்டுக்கும் முதல் பாதி ஒன்றேதான். வெட்டு அங்கே விழுந்தால், படிப்பவர் மிச்சத்தைத் தானே நிரப்பிக்கொள்வார்.

அதனால் நோயாளிக்குப் போகும் செய்தியில் ‘போட வேண்டாம்’ என்று எழுதாதீர்கள், ‘போடாதீர்கள்’ என்று எழுதுங்கள். ‘போடா’ வரை வந்தாலே மறுப்பு தெரிந்துவிடும். முக்கியமானதை முதல் வரியில் வையுங்கள். நீளமாக இருந்தால் வெட்டிவிடும் அமைப்பை இன்றே நிறுத்துங்கள். நீளம் மிஞ்சினால் அனுப்ப மறுத்துப் பிழை காட்டட்டும், ஊழியர் திருத்திக்கொள்வார். புது வாசகம் போடும்போதெல்லாம் முழுத் தமிழ் வாசகத்தையே உங்கள் சொந்தப் போனுக்கு அனுப்பி, கடைசி வார்த்தை வந்ததா என்று பாருங்கள். அழைக்கும் எண்ணைக் கடைசியில் ஒளித்து வைக்காதீர்கள், வெட்டு விழுந்தால் முதலில் காணாமல் போவது அதுதான்.

வீட்டில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். பெற்றோருக்கு வந்த செய்தி பாதியில் நின்றால், மீதியை ஊகித்துப் படித்துக் காட்டாதீர்கள். ஆய்வகத்துக்கு ஒரு போன் போடுங்கள்.

அந்த ஆய்வகத்துக்கு இரண்டு தனிச் செய்திகளாக மாற்றிக் கொடுத்திருக்கிறேன். மாத்திரையை நிறுத்துவதா என்பது மருத்துவர் முடிவு, வாசகம் மட்டும் என்னுடையது. முதல் செய்தி: “நாளை காலை சர்க்கரை மாத்திரை போடாதீர்கள். 7 மணிக்கு ரத்தச் சோதனை. 1/2”. எண்ணினால் 68. சாப்பாடும் தொலைபேசி எண்ணும் இரண்டாவதில் போகின்றன. 1/2 மட்டும் வந்து 2/2 வராவிட்டால் அழைக்கச் சொல்லி, பதிவு செய்யும் மேசையிலேயே வாய்மொழியாகவும் சொல்லி அனுப்புகிறார்கள்.