கோடு ஏன் வளைகிறது?

பிளஸ் ஒன் பொருளியல் படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "உற்பத்தி வாய்ப்பு வளைகோட்டை எந்தப் புத்தகத்திலும் வெளிப்பக்கம் புடைத்த வில்லைப் போலத்தான் வரைகிறார்கள். நேர்கோடாக ஏன் இருக்கக் கூடாது?" பல ஆசிரியர்கள் அவசரமாகத் தாண்டிப் போகும் இடம் இது. எனக்கோ அந்தப் படத்திலேயே மிகவும் பிடித்த இடம்.

படம் எளியது. ஒரு நாட்டில் இருக்கும் ஆட்கள், இயந்திரங்கள், மூலப்பொருட்கள் அனைத்தையும் கொண்டு இரண்டே பொருட்கள் செய்வதாக வைத்துக்கொள்வோம். ஒன்றை இவ்வளவு செய்தால் மற்றதை அதிகபட்சம் எவ்வளவு செய்யலாம் என்று காட்டுவதே கோடு. கோட்டுக்கு வெளியே போக வழியில்லை. உள்ளே நின்றால் எதுவோ வீணாகிறது.

இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்காவை எடுத்துக்கொள்வோம். ஓர் அச்சில் கார்கள், மற்றதில் குண்டுவீச்சு விமானங்கள். 1940இல் அங்கே நூற்றுக்குச் சுமார் 15 பேருக்கு வேலை இல்லை; நாடு கோட்டுக்கு வெகு உள்ளே நின்றது. அதனால்தான் 1941இல் ஆயுத உற்பத்தி ஏறியபோதும் 30 லட்சத்துக்கு மேல் கார்கள் வெளிவந்தன. சும்மா இருந்த கைகளுக்கு வேலை கிடைத்தது, அவ்வளவுதான். கோட்டை நெருங்கிய பிறகு அந்த வசதி தீர்ந்துபோனது. 1942 பிப்ரவரியில் பொதுமக்களுக்கான கார் உற்பத்தியை அரசு நிறுத்தியது.

இனி வளைவுக்கு வருவோம். கற்பனைக் கணக்கு ஒன்று: எல்லாரும் கார் செய்தால் 100 கார்கள். முதல் 10 விமானங்களுக்காக 5 கார்களை இழக்கிறோம். அடுத்த 10க்கு 15 கார்கள், அதற்கடுத்த 10க்கு 30, கடைசி 10க்கு மிச்சமிருக்கும் 50ம் போய்விடுகின்றன. விமானம் அதே விமானம்தான். விலை மட்டும் பத்து மடங்கு. ஏன்? முதலில் நாம் மாற்றுவது விமான வேலைக்கு நன்றாகப் பொருந்துகிறவர்களை: அலுமினியத் தகடு அடிக்கத் தெரிந்தவர்கள், கார் ஆலையில் இருந்தும் அங்கே பெரிதாகப் பயன்படாதவர்கள். அவர்கள் போனால் கார் எண்ணிக்கை அவ்வளவாக அசைவதில்லை. கடைசியில் மிஞ்சுபவை காருக்கென்றே பிறந்தது போன்ற இயந்திரங்களும் கைகளும். அவற்றை இழுத்தால் கார்கள் மளமளவெனக் குறைகின்றன. விமானமோ கொஞ்சம்தான் கூடுகிறது. எல்லா ஆட்களும் இயந்திரங்களும் இரண்டு வேலைக்கும் ஒரே அளவு பொருந்தினால், தங்கையே, உங்கள் நேர்கோடு கிடைத்துவிடும்.

இந்தப் பொருந்தாமையைக் கண்ணால் காண மிச்சிகனில் ஃபோர்டு கட்டிய வில்லோ ரன் ஆலையைப் பார்க்க வேண்டும். காரைப் போலவே பி-24 விமானத்தையும் வரிசையாக ஓடவிட்டுச் செய்யலாம் என்று நம்பினார்கள். காருக்குச் செய்வது போலக் கடினமான எஃகு அச்சுகளையே வார்த்தார்கள். ஒரே உருவத்தை லட்சக்கணக்கில் அடிக்க அவை அருமையானவை. ஆனால் போர்முனையிலிருந்து வரும் அனுபவத்துக்கேற்ப விமானத்தின் வடிவமைப்பு மாறிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் விலையுயர்ந்த அச்சுகளைத் திருத்த வேண்டியிருந்தது. 1941இல் கட்டத் தொடங்கிய ஆலை, மணிக்கு ஏறக்குறைய ஒரு விமானம் என்ற வேகத்தை எட்டியது 1944இல்தான். ஆக, படத்தில் காலமும் ஒளிந்திருக்கிறது. ஆறு மாதத்தில் மாறச் சொன்னால் வில் மிகவும் வளையும். மூன்று ஆண்டு கொடுத்தால் கைகள் பழகி, கோடே வெளியே நகரும்.

கோடு உள்ளேயும் நகரும். 1942 தொடக்கத்தில் ஜப்பான் மலாயாவைப் பிடித்தது. தமிழ்த் தொழிலாளர்கள் பால்வெட்டிய அந்தத் தோட்டங்களின் ரப்பர் அமெரிக்காவுக்கு நின்றுபோனது. இதனால் அமெரிக்காவில் ஓர் ஆலைகூட இடியவில்லை, ஓர் ஆள்கூடக் குறையவில்லை. ஆனாலும் நாட்டால் செய்ய முடிந்தது சுருங்கியது. டயர் தேயக் கூடாதென்று நாடு முழுவதும் வாகன வேகத்தை மணிக்கு 35 மைலாகக் கட்டுப்படுத்தினார்கள்.

இங்கே என் கருத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆய்வகத்துக்குப் போகும் பணத்தை வீண் செலவு என்று பேசுகிறவர்கள், கோட்டின் மேல் ஒரு புள்ளியை மட்டும் பார்க்கிறார்கள். செயற்கை ரப்பரின் வேதியியல் போருக்கு முன்பே ஆய்வகங்களில் உருவாகியிருந்தது. அப்போது அதற்குப் போன ஒவ்வொரு வேதியியலாளரும் வேறொரு வேலையிலிருந்து எடுக்கப்பட்டவர். அந்த இழப்பு உண்மையானது. ஆனால் அந்த அறிவு கையில் இருந்ததால்தான், அரசுப் பணத்தில் ஆலைகள் எழுந்து, போர் முடிவதற்குள் அமெரிக்காவின் ரப்பரில் பெரும்பகுதி மரமே இல்லாமல் வந்தது.