மெஷினை இறக்குறதுக்கு முன்னாடி பாலிசில யார் பேர் இருக்குன்னு பாருங்க

நான் சேதம் ஆன இடத்துக்குப் போயி மதிப்பு போடுற சர்வேயர். புது மெஷின் வர்ற ஃபேக்டரிகள்ல கீழ விழுந்தது, நனைஞ்சது, ட்ரையல்ல உடைஞ்சதுன்னு நிறைய பார்த்தாச்சு. ஆனா நான் போய் நின்னதும் கேக்குற முதல் கேள்விக்கு பதில் மட்டும் எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி வருது. "எரெக்‌ஷன் பாலிசி எங்க?"ன்னு கேப்பேன். புது மெஷினை இறக்கி, பொருத்தி, ஓட்டிப் பார்க்குற வரைக்கும் வர்ற சேதத்துக்கான இன்ஷூரன்ஸ் அது. "அதெல்லாம் சப்ளையர் பார்த்துக்குவார் சார்"னு சொல்வாங்க. அதைக் கேட்டுட்டு பேசாம வந்துட முடியல, அதனாலதான் இதை எழுதுறேன்.

கடைசியா போன கேஸைச் சொல்றேன். ஓடிக்கிட்டிருக்கிற ஃபேக்டரி. அதே ஷெட்டுக்குள்ள ஒரு புது பிரஸ் மெஷின் போடுறாங்க. மெஷின் சப்ளையர் ஒருத்தர், எலக்ட்ரிக்கல் பேனல் கொடுத்தவர் வேற ஒருத்தர், அதை ஓனரே நேரா வாங்கியிருந்தார். கிரேன் வாடகைக்கு வந்தது, அதைக் கூப்பிட்டது சப்ளையரோட எரெக்‌ஷன் ஆளுங்க. லாரில இருந்து மெஷின் பாடியை இறக்கி வெச்சாச்சு. ரெண்டு நாள் கழிச்சு அஸ்திவாரத்து மேல வெக்கத் தூக்கும்போது துணி பெல்ட் ஸ்லிங் ஒண்ணு அறுந்துடுச்சு. அறுந்த முனையை நான் கையில எடுத்துப் பார்த்தேன், கத்தி வெச்சு வெட்டின மாதிரி நேர் கோடு. மெஷினோட அடிப்பாகமான பெட்டோட கூர்மையான விளிம்புல பெல்ட்டுக்கு அடியில ஒரு ரப்பர் துண்டோ மரக்கட்டையோ வெக்காம தூக்கியிருக்காங்க. மெஷின் ஒரு பக்கமா சாய்ஞ்சு விழுந்து, பக்கத்துல வெச்சிருந்த புது பேனலை நசுக்கி, ஓடிக்கிட்டிருந்த பழைய மெஷினோட பக்கவாட்டையும் இடிச்சிருச்சு. யாருக்கும் அடிபடல, அது பெரிய விஷயம்.

பெட்ல பார்வைக்கு ஒண்ணும் தெரியல. சிவப்பு டை அடிச்சு, துடைச்சு, வெள்ளை டெவலப்பர் அடிச்சு கொஞ்ச நேரம் காத்திருந்தோம், அப்பதான் வார்ப்போட மூலையில இருந்து ஒரு கை நீளத்துக்கு மெல்லிசா சிவப்புக் கோடு எழுந்து வந்துச்சு. ஓனர் முகத்தை அப்ப பார்க்கணுமே.

இப்ப கணக்குக்கு வருவோம். மெஷின் இன்வாய்ஸ் விலையை 100ன்னு வெச்சுக்கோங்க. அதுல 80 ஓனர் ஏற்கனவே கட்டியாச்சு, 20 பாக்கி. சரக்கு கூலி, சுங்க வரி எல்லாம் சேர்த்து 18, எரெக்‌ஷன் செலவு 12. ஆக இந்த மெஷின் அந்த இடத்துல முழுசா நின்னா அதோட மதிப்பு 130. சப்ளையர் பாலிசி எடுத்திருந்தது வெறும் 100க்கு, அதுவும் தன் பேர்ல மட்டும். எரெக்‌ஷன் பாலிசில சம் இன்ஷூர்ட்னா இன்வாய்ஸ் விலை இல்லீங்க, கூலி, வரி, பொருத்துற செலவு எல்லாம் சேர்த்து முடிஞ்ச மெஷினோட மதிப்பு. குறைச்சுப் போட்டா, எத்தனை பங்கு குறைச்சீங்களோ அத்தனை பங்கு ஒவ்வொரு க்ளைம்லயும் குறையும். மெஷின் ரிப்பேர் 39ன்னு வந்துச்சு. 39ஐ 100ஆல பெருக்கி 130ஆல வகுத்தா 30, அதுல பாலிசிதாரர் தானே ஏத்துக்க வேண்டிய எக்ஸஸ் 3 போக 27 கிடைச்சுது.

பேனல் சேதம் 8. அது சப்ளையர் காண்ட்ராக்ட்லயே இல்ல, அதனால அவர் பாலிசிலயும் இல்ல. பழைய மெஷின் சேதம் 14. அதுக்கும் பூஜ்யம், ஏன்னு கொஞ்சம் பொறுங்க, தனியா சொல்றேன். மொத்த சேதம் 61, வந்தது 27. அந்த 27ம் யார் பேருக்குப் போச்சு? பாலிசில பேர் இருக்கிறவருக்கு, அதாவது சப்ளையருக்கு. அவர் தனக்கு வர வேண்டிய 20ஐ கழிச்சுக்கிட்டு 7 தான் தர முடியும்னு சொல்லிட்டார். "இன்ஷூரன்ஸ் எடுக்குறேன்னு நீங்கதானே சொன்னீங்க"ன்னு ஓனர் கேட்டதுக்கு, காண்ட்ராக்டை விரிச்சு இன்னொரு வரியைக் காட்டினார். லாரில இருந்து இறக்கின உடனே ரிஸ்க் வாங்குறவருக்கு மாறிடும்னு அதுல இருந்துச்சு. ஒரு பக்கத்துல இன்ஷூரன்ஸ் சப்ளையர் பொறுப்பு, அடுத்த பக்கத்துல ரிஸ்க் ஓனர் பொறுப்பு. இந்த ரெண்டு வரியையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு யாரும் படிக்கல. பர்ச்சேஸ் டிபார்ட்மென்ட்ல இருக்கிறவங்க விலையையும் டெலிவரி தேதியையும் பார்க்குற கவனத்துல பாதியாவது இதுக்குக் கொடுத்தா போதும்.

எனக்கு ரொம்ப எரிச்சல் தர்ற நம்பிக்கை ஒண்ணு இருக்கு: "அவங்க ஆளு தப்பு பண்ணா அவங்கதானே சார் தரணும், அப்புறம் எனக்கு எதுக்கு பாலிசி?" தப்பு பண்ணவர் நஷ்ட ஈடு தரணும்ங்கிறது சரிதான். ஆனா அது தானா நடக்காது. யார் தப்புன்னு முதல்ல நிரூபிக்கணும். ஸ்லிங் கட்டினது சப்ளையர் ஆளா, கிரேன் ஆளா? தூக்கச் சொல்லி சைகை காட்டினது யாரு? அஸ்திவாரம் ரெடியாகாம ரெண்டு நாள் தள்ளிப்போனதுக்கு யார் காரணம்? ஒவ்வொருத்தரும் அடுத்தவரைக் காட்டுவாங்க. நிரூபிச்சாலும் காண்ட்ராக்ட்ல "எங்க பொறுப்பு இவ்வளவுக்கு மேல இல்ல, உற்பத்தி நஷ்டத்துக்கு நாங்க பொறுப்பில்ல"ன்னு ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். அதையும் தாண்டினா அவர்கிட்ட அவ்வளவு பணம் இருக்கணும், வாடகை கிரேன்காரர்கிட்ட இருக்குமா? எரெக்‌ஷன் பாலிசி ஒரு ஆல் ரிஸ்க் பாலிசி, அதோட பலமே இதுதான், பாலிசில பேர் உள்ளவங்கள்ல யார் கவனக்குறைவுன்னு கேட்டு க்ளைமை நிறுத்தி வெக்காது, விலக்குல இல்லாத திடீர் விபத்தா இருந்தா சேதத்தைப் பார்த்து பணம் தரும். சப்ளையர் பொறுப்பு வேற, இன்ஷூரன்ஸ் வேற. முதலாவது வழக்கு போடுறதுக்கான உரிமை, ரெண்டாவது கைக்கு வர்ற பணம். தயவுசெஞ்சு இதைக் குழப்பிக்காதீங்க.

இதே மாதிரி இன்னொண்ணு, "கேரண்டி இருக்கே சார்". கேரண்டி மெஷினுக்குள்ள இருக்கிற குறைக்கு, கிரேன்ல இருந்து விழுறதுக்கு இல்ல. எதிர்ப்பக்கமும் அப்படித்தான், சாதாரண எரெக்‌ஷன் பாலிசி வாசகம் தப்பான டிசைன், மோசமான வார்ப்பு இதனால வர்ற சேதத்தைத் தராது, பொருத்தும்போது நடக்குற தப்பைத் தரும். வார்ப்புக் குறையால ஒரு பாகம் உடைஞ்சு சுத்தி இருக்கிறதைச் சிதைச்சா அந்தச் சிதைவுக்குப் பணம் வேணும்னா தயாரிப்பாளர் ரிஸ்க்னு தனியா சேர்க்கணும், அப்பவும் அந்தக் குறையுள்ள பாகத்துக்கு வராது.

அப்ப யார்தான் எடுக்கணும்? ஓடுற ஃபேக்டரிக்குள்ள, ரெண்டு மூணு சப்ளையர் சேர்ந்து போடுற வேலைன்னா ஓனரே எடுக்கணும்னுதான் நான் சொல்வேன். மெஷின், பேனல், கன்வேயர், சிவில் வேலை எல்லாம் ஒரே பாலிசிக்குள்ள வரும், நடுவுல இடைவெளி இருக்காது, பணம் உங்க கைக்கு வரும். ஆனா உங்க பேர்ல மட்டும் எடுத்துடாதீங்க. அப்படி எடுத்தா இன்ஷூரன்ஸ் கம்பெனி உங்களுக்குப் பணம் கொடுத்துட்டு, உங்க உரிமையை எடுத்துக்கிட்டு சப்ளையர் மேல வசூலுக்குப் போகும், பாதி முடிஞ்ச மெஷினை விட்டுட்டு அவர் வக்கீலைத் தேடிப் போவார். அதனால சப்ளையர், எரெக்‌ஷன் காண்ட்ராக்டர், சப் காண்ட்ராக்டர் எல்லாரையும் கூட்டுப் பேர்ல சேர்க்கணும். பணம் யாருக்குப் போகணும்னும் அதுலயே எழுதி வாங்குங்க. சப்ளையர் எடுத்தா பிரீமியம் மிச்சம்னு நினைக்கிறவங்க அவர் கொட்டேஷனை இன்னொரு தடவை பார்க்கட்டும், அந்தப் பிரீமியம் அங்கதான் இருக்கு.

சப்ளையர் எடுக்குறது சரியான இடமும் உண்டு. முழு வேலையும் ஒரே ஆள்கிட்ட, ஹேண்ட்ஓவர் வரைக்கும் ரிஸ்க் அவர்கிட்டயேன்னா அவர் எடுக்கலாம். அப்பவும் உங்க பேர் அதுல இருக்கணும், சர்டிஃபிகேட் மட்டும் வாங்கிக்கிட்டு விடாம பாலிசியோட முழு நகல் வாங்கணும், அதுவும் லாரி கேட்டுக்குள்ள வர்றதுக்கு முன்னாடி.

பழைய மெஷின் விஷயம் சொல்றேன்னேன்ல. எரெக்‌ஷன் பாலிசில ரெண்டாவது பகுதி மூன்றாம் நபர் சேதத்துக்கு. ஓனரோட பழைய மெஷின் சப்ளையருக்கு மூன்றாம் நபர் சொத்துதானேன்னு எல்லாரும் நினைக்கிறாங்க. பரவலா புழங்குற வாசகத்துல, வேலை கொடுத்த ஓனர், காண்ட்ராக்டர், அந்த ப்ராஜெக்ட்டோட சம்பந்தப்பட்டவங்க யாரோட சொத்தும் மூன்றாம் நபர் கணக்குல வராதுன்னு தெளிவா இருக்கு. நீங்க கூட்டுப் பேர்ல இருந்தாலும் அதே கதைதான். அதுக்குன்னு ஏற்கனவே இருக்கிற சொத்து, சுத்தி இருக்கிற சொத்துன்னு ஒரு என்டார்ஸ்மென்ட், அதாவது பாலிசியோட சேர்க்குற கூடுதல் ஷரத்து இருக்கு, ஒரு தொகை குறிச்சு தனியா வாங்கணும். இந்த ஓனர்கிட்ட ஃபயர் பாலிசி இருந்துச்சு, ஆனா அது குறிப்பிட்ட ஆபத்துகளுக்கு மட்டும், கிரேன்ல இருந்து சரக்கு விழுறது அந்தப் பட்டியல்லயே இல்ல. ஓடுற ஷெட்டுக்குள்ள புது மெஷின் இறக்குற ஒவ்வொருத்தரும் இந்த ஒண்ணையாவது கேட்டு வாங்கிடுங்க, கெஞ்சிக் கேக்குறேன்.

பெட்டி வந்ததும் பிரிச்சுப் பாருங்க. மாசக்கணக்கா மூலையில போட்டுட்டு பிரிக்கும்போது உள்ள உடைஞ்சிருந்தா, அது வழியில ஆச்சா இங்க வந்து ஆச்சான்னு வழிச் சேதத்துக்கான ட்ரான்சிட் பாலிசி கொடுத்த கம்பெனியும் எரெக்‌ஷன் பாலிசி கொடுத்த கம்பெனியும் அடிச்சுக்கும். இப்படித் தெரியாம போற சேதத்தை ரெண்டு பேரும் பாதிப் பாதி ஏத்துக்குற ஷரத்து இருக்கு, ரெண்டு பாலிசிலயும் இருந்தாத்தான் பிரயோஜனம். ரெண்டையும் ஒரே கம்பெனில எடுத்தா இந்த சண்டையே இல்ல.

தேதியைக் கவனிங்க. டெஸ்டிங்குக்கு வழக்கமா நாலு வாரம்தான் கவர் இருக்கும், டெஸ்ட் ஆரம்பிச்ச நாள்ல இருந்து எண்ணணும், உங்க மெஷினுக்கு அதுக்கு மேல ஆகும்னா முன்னாடியே கேட்டு வாங்கணும். ஏற்கனவே ஓடின செகண்ட் ஹேண்ட் மெஷினை வாங்கிப் பொருத்துறீங்கன்னா டெஸ்ட் ஆரம்பிச்ச நிமிஷமே அதுக்கான கவர் நின்னுடும்னு வாசகம் சொல்லுது, இது நிறைய பேருக்குத் தெரியவே தெரியாது. அஸ்திவாரம் லேட், உதிரி பாகம் லேட்னு வேலை இழுத்தா பாலிசி முடியுறதுக்கு முன்னாடியே நீட்டிக்கச் சொல்லி எழுதிடுங்க, முடிஞ்ச பிறகு எழுதினா அது வேண்டுகோள்தான். டெஸ்ட் முடிஞ்ச ஒரு பாகத்தை உற்பத்திக்கு ஓட்ட ஆரம்பிச்சாலே அந்தப் பாகத்துக்கு எரெக்‌ஷன் கவர் முடிஞ்சு போகும், மீதி வேலை நடந்துக்கிட்டிருந்தாலும் சரி. அதனால ஹேண்ட்ஓவர் பேப்பர்ல கையெழுத்துப் போடுறதுக்கு முந்தின நாளே அந்த மெஷினை உங்க ரெகுலர் ஃபயர் பாலிசிலயும் மெஷினரி பிரேக்டவுன் பாலிசிலயும் ஏத்தச் சொல்லி, ஏத்தின காகிதத்தைக் கையில வாங்கிட்டு அப்புறம் பேனாவைத் திறங்க.