சோ, மி என்ற பெயர்களைக் குழந்தைக்கு எப்போது சொல்வது?

மேற்கத்திய இசையின் சுரப்பெயர்களில் சொன்னால், நான்கு எண்ணிக்கைக்குள் ஐந்து ஒலிகள்: சோ, மி, சோசோ, மி. கர்நாடக இசை தெரிந்தவர்கள் இதை அந்தர காந்தாரத்தோடு ப, க, பப, க என்று பாடிப் பார்க்கலாம். ஐந்து வயதுக் குழந்தைக்கு இந்தத் துணுக்கை மூன்று வழிகளில் கற்பிக்கிறார்கள்.

ஹங்கேரியின் ஜோல்தான் கோதாயின் பெயரில் வழங்கும் முறை சுரப்பெயர்களை நம்புவது. ஆனால் பெயர் முதல் நாளே வருவதில்லை. சில வாரங்கள் சோவிலிருந்து மிக்கு இறங்கும் இந்த இறக்கம் வரும் பாட்டுகளை விளையாட்டாகப் பாடுகிறார்கள். 'எது மேலே, எது கீழே?' என்று ஆசிரியர் கேட்க, குழந்தை கையை உயர்த்தித் தாழ்த்திக் காட்டுகிறது. அது சரியாக வந்த பிறகே சோ, மி என்ற பெயர்களும் கைக்குறிகளும் வருகின்றன: சோவுக்கு உள்ளங்கை தன்னைப் பார்க்கும், மிக்கு அதைவிடத் தாழ்வாக, தரையைப் பார்க்கும். அடுத்து லா, பிறகு தோ, ரே. ஃபா, தீ என்ற சுரங்கள் கடைசியில்தான். அவற்றின் அரைச்சுர நெருக்கத்தைச் சிறு குரல் சுத்தமாகப் பிடிப்பது கடினம். நம் சரளி வரிசையோ மாயாமாளவகௌளையில் ச-ரி என்ற அரைச்சுரத்திலேயே தொடங்குகிறது. அங்கே விடாமல் ஒலிக்கும் சுருதிதான் குழந்தைக்குப் பிடிமானம்.

பெயரை அவசரப்பட்டுக் கொடுத்தால் குழந்தை 'சோ மி' என்று பேச்சுக்குரலில் ஒப்பிக்கும். வாய் திறக்காமல் கைக்குறி மட்டும் காட்டுங்கள்: பாடினால் கற்றிருக்கிறது, தயங்கினால் பெயர் மட்டும்தான் மனதில் இருக்கிறது. ஆசிரியர் தமக்கு வசதியான தாழ்ந்த சுருதியில் தொடங்குவதும் அடிக்கடி நேரும் பிழை. அந்த இடத்தில் குழந்தைக்குக் குரலே எழாது. அதைக் காது மந்தம் என்று எண்ணிவிடுகிறார்கள்.

ஜெனீவாவின் எமீல் ஜாக்-டால்க்ரோஸ் உடலிலிருந்து தொடங்கினார். ஆசிரியர் பியானோ வாசிக்க, குழந்தைகள் ஒற்றை ஒலிக்கு நடக்கிறார்கள், 'சோசோ' வரும்போது இரண்டு விரைந்த அடி வைக்கிறார்கள். காலப்பிரமாணம் குழந்தையின் நடைக்கு ஏற்றதாக இருக்கவேண்டும். பெரியவர் நடைவேகத்தில் வாசித்தால் குட்டிக்கால்கள் ஒவ்வோர் அடிக்கும் காத்து நின்று தடுமாறும். பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து நடப்பவர்களையும் எளிதில் கண்டுகொள்ளலாம். வாசிப்பைத் திடீரென நிறுத்தினால் அவர்கள் அரை அடி தாமதமாகவே நிற்பார்கள்.

ஜப்பானின் ஷினிச்சி சுஸுகி, குழந்தை தாய்மொழியைக் கேட்டுக் கேட்டே பேசுவதைப்போல வயலினையும் கற்கலாம் என்றார். ஒலிப்பதிவை வீட்டில் தினமும் கேட்பது, பெற்றோர் வகுப்பில் உடன் இருப்பது, குறியீட்டு வாசிப்பைத் தள்ளிப்போடுவது ஆகியவை இதன் அடிப்படை. நாதம் அழகாக அமையும். ஆனால் குறியீடு படிப்பதை அளவுக்கு மீறித் தள்ளினால், கடினமான உருப்படிகளை வாசிக்கும் பிள்ளை புதிய இசைத்தாளின் இரண்டு வரிகளில் திணறும்.

ஆக, மூன்று முறைகளிலும் காதுக்கு வேலை முதல் நாளிலேயே தொடங்கிவிடுகிறது. எழுத்தும் பெயரும் எந்தக் கட்டத்தில் வருகின்றன என்பதில்தான் பெரிய வேறுபாடு. எங்கள் கணிப்பில் ஐந்து வயதுக்கு நடையும் பாட்டும் முதலில், பெயர் பிறகு. பெயர் சொல்லும் வேளை வந்ததா என்று பார்க்க, அதே துணுக்கை வேறொரு சுருதியில் தொடங்கிக் கொடுங்கள். குழந்தை அதே இறக்கத்தோடு முடித்தால் சொல்லலாம். பழைய சுருதிக்கே திரும்பினால் இன்னும் சில நாள் பாட்டாகவே பாடட்டும்.