கானாவாழையின் வாயும் ஒரு சிட்டிகை பொட்டாசியமும்

மழை விட்டுப் பத்து நாள் ஆனாலும் அல்சூரில் எங்கள் காம்பவுண்டுச் சுவரோரம் கானாவாழை மண்டிக் கிடக்கும். நீலப் பூ பூக்கிற களைதான். ஊரில் ஆட்டுக்குப் போடுவார்கள், இங்கே வாட்ச்மேன் பிடுங்கி எறிவார். நான் அவரைக் கெஞ்சி ஒரு மூலையை மட்டும் விட்டுவைக்கச் சொல்லியிருக்கிறேன். காரணம் அந்த இலையின் தோல். இலையை ஒடித்து, தொங்குகிற துண்டை மெல்ல இழுத்தால், அடிப்பக்கத்திலிருந்து கண்ணாடி மாதிரி ஒரு சவ்வு உரிந்து வரும். பெரும்பாலான இலைகளில் இவ்வளவு சுலபமாக வராது. இலை மூச்சு விடுகிற நுண்ணிய வாய்களான இலைத்துளைகள் அந்தச் சவ்வில்தான் இருக்கின்றன; இலைத்துளை ஆராய்ச்சியில் பலரும் இதே பேரினத்துச் செடியைக் கையில் எடுத்தார்கள் என்பதில் ஆச்சரியமில்லை.

அக்கா மகள் இரண்டாம் பியூசி படிக்கிறாள். போன மாதம் செய்முறைப் பாடத்துக்காக இந்தத் தோலை உரித்து, கால் டம்ளர் போர்வெல் தண்ணீரில் கொஞ்சம் பொட்டாசியம் குளோரைடு கரைத்து, அதில் மிதக்கவிட்டு, மேசை விளக்கின் கீழே இரண்டு மணி நேரம் வைத்தாள். பிறகு மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

“மாமா, புக்ல பொட்டாசியம் போட்டா இலைத்துளை திறக்கும்னு போட்டிருக்கு. இது பாதிதான் திறந்திருக்கு. சிலது திறக்கவே இல்ல.”

பார்த்தேன். அவள் சொன்னது சரி. புத்தகமும் சரி. எங்கே பிசகியது என்று தெரிய, முதலில் அந்த வாய் எப்படித் திறக்கிறது என்று பார்க்க வேண்டும்.

இலைத்துளை என்பது வெறும் இடைவெளி. அதற்கென்று சதையோ கதவோ கிடையாது. இரண்டு காப்பு செல்கள் அவரை விதை போல வளைந்து, இரு முனைகளிலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. அவற்றுக்கு நடுவே விடுபட்ட இடம்தான் துளை. செல்லின் சுவரில் செல்லுலோஸ் இழைகள் குறுக்காக, வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி விரிந்து ஓடுகின்றன. உள்ளே தண்ணீர் ஏறினால் செல் பருக்கப் பார்க்கும், இழைகள் விடாது. அதனால் நீள மட்டுமே முடியும். முனைகளோ ஒட்டியிருக்கின்றன, நகர முடியாது. நீள வேண்டும், நகரவும் கூடாது என்றால் வளைவதுதான் வழி. இரண்டும் வெளிப்பக்கமாக வில் போல வளைய, நடுவே வாய் திறக்கிறது. தண்ணீர் வடிந்தால் இரண்டும் தளர்ந்து ஒன்றையொன்று ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் நிறைந்து செல் சுவரை உள்ளிருந்து தள்ளுகிற இந்த அழுத்தத்துக்குத்தான் விறைப்பழுத்தம் என்று பெயர்.

விறைப்பினால்தான் துளை திறக்கிறது என்று ஹூகோ ஃபோன் மோல் 1856-லேயே சொல்லிவிட்டார். ஆனால் தண்ணீர் ஏன் உள்ளே போகிறது? காப்பு செல்லில் இருக்கும் மாவுச்சத்து பகலில் சர்க்கரையாக மாறுகிறது, அந்தச் சர்க்கரை தண்ணீரை இழுக்கிறது என்று அரை நூற்றாண்டுக்கு மேல் பாடம் நடத்தினார்கள். பொட்டாசியம்தான் ஆள் என்று ஜப்பானில் இமாமுரா 1943-லேயே கண்டிருந்தார். போர்க் காலம், வெளியே அதிகம் பேர் கவனிக்கவில்லை. 1968-க்குப் பிறகுதான் மேற்குலகம் திரும்பிப் பார்த்தது. 1971-ல் ஹம்பிள், ராஷ்கே இருவரும் ஃபாபா பீன் இலையில் எடுத்த அளவுகள் எனக்கு மிகவும் பிடித்தவை. ஏனென்றால் அவற்றை வைத்து நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

துளை கிட்டத்தட்ட மூடியிருந்தபோது, அதாவது 2 மைக்ரோமீட்டர் அகலத்தில், ஒரு ஜோடி காப்பு செல்களின் கொள்ளளவு 2.6 பிக்கோலிட்டர். ஒரு லிட்டரின் லட்சம் கோடியில் ஒரு பங்குதான் ஒரு பிக்கோலிட்டர். துளை 12 மைக்ரோமீட்டருக்கு விரிந்தபோது அது 4.8 ஆனது, கிட்டத்தட்ட இரட்டிப்பு. வெறும் தண்ணீர் மட்டும் உள்ளே போயிருந்தால் செல் சாறு நீர்த்துப்போயிருக்க வேண்டும். மோரில் தண்ணீர் விட்டால் புளிப்பு குறைவது போல, சாறு தண்ணீரை இழுக்கும் வலுவான ஊடுபரவல் அழுத்தம் 19 பாரிலிருந்து 10 பார் அளவுக்கு இறங்கியிருக்கும். அவர்கள் அளந்தபோது இருந்தது 35. கார் டயரில் பிடிக்கிற காற்றைப் போலப் பதினைந்து மடங்கு. தண்ணீர் வருவதற்கு முன்னால் வேறு ஏதோ உள்ளே வந்திருக்கிறது, அதுவும் ஏராளமாக. செல்லுக்குள் பொட்டாசியத்தை எண்ணினார்கள்: மூடியிருந்தபோது 0.2 பிக்கோமோல், திறந்தபோது 4.24. இருபத்தோரு மடங்கு. அழுத்தம் ஏறியதற்கு இதுவும், இதோடு சேர்ந்த எதிர்மின் துணையும் போதும்.

அந்தத் துணை யார் என்பதும் இதே கணக்கில் ஒளிந்திருக்கிறது. பொட்டாசியம் நேர்மின்சுமை கொண்டது. இவ்வளவு வந்து குவிந்தால் எதிர்மின்சுமையும் அதே அளவு வேண்டும். குளோரைடு வந்திருக்கும் என்று நினைப்போம். அந்த இலையில் வந்த குளோரைடு இருபதில் ஒரு பங்குகூடப் போதுமா போதாதா என்ற அளவுதான். மிச்சத்தைச் செல்லே தயாரிக்கிறது: மாலேட் என்ற எதிர்மின் அயனி. எதிலிருந்து? மாவுச்சத்திலிருந்து. பழைய மாவுச்சத்துக் கோட்பாடு தப்பான கேள்விக்குச் சரியான சாட்சியைப் பிடித்து வைத்திருந்தது என்று சொல்லலாம்.

பொட்டாசியம் எப்படி உள்ளே வருகிறது என்பதில்தான் பலருக்கும் ஒரு தவறான படம் மனதில் இருக்கிறது. செல் பொட்டாசியத்தைப் பம்பு வைத்து இழுக்கிறது என்று நினைக்கிறோம். அப்படியில்லை. செல் பம்பு செய்வது ஹைட்ரஜன் அயனியை, அதாவது புரோட்டானை, அதுவும் வெளியே. விடியற்காலை வெளிச்சத்தில் உள்ள நீல ஒளியைக் காப்பு செல்லில் இருக்கும் ஃபோட்டோட்ரோபின் என்ற புரதம் உணர்கிறது. அதன் தூண்டுதலில் சவ்வில் உள்ள புரோட்டான் பம்புகள் ஓடத் தொடங்கி, நேர்மின் அயனிகளை வெளியே தள்ளுகின்றன. உள்ளே எதிர்மின்னழுத்தம் கூடிக்கொண்டே போய் மைனஸ் 100 மில்லிவோல்ட்டைத் தாண்டும்போது, மின்னழுத்தத்தைப் பார்த்துத் திறக்கிற பொட்டாசியக் கால்வாய்கள் திறக்கின்றன. அப்புறம் யாரும் இழுக்க வேண்டாம்; பொட்டாசியம் தானாக உள்ளே சரியும். மைனஸ் 100 மில்லிவோல்ட் இருந்தால் வெளியே இருப்பதைப் போல ஐம்பது மடங்கு பொட்டாசியத்தை உள்ளே தேக்கி வைக்க முடியும். வந்தது பெரும்பாலும் வாக்குவோல் என்ற, செல்லுக்குள் இருக்கும் சாற்றுப் பையில் போய்ச் சேர்கிறது. தண்ணீர் அதன் பின்னால் ஓடி வருகிறது.

எங்கிருந்து வருகிறது இந்தப் பொட்டாசியம்? பக்கத்துச் செல்களிலிருந்து. கானாவாழையில் காப்பு செல்களைச் சுற்றிக் கட்டம் கட்டினது போலத் துணைச் செல்கள் இருக்கும், மைக்ராஸ்கோப்பில் தெளிவாகத் தெரியும். துளை மூடியிருக்கும்போது பொட்டாசியம் வெளி வட்டத்தில், திறந்திருக்கும்போது நடுவில். காலையில் போய் மாலையில் வீடு திரும்புகிற ஆபீஸ்காரர்கள் மாதிரி.

மூடுவது இதற்குத் தலைகீழ் என்று நினைத்தால் அங்கேயும் சறுக்கும். பம்பை நிறுத்தினால் மட்டும் வேகமாக மூடாது. வேர்ப்பக்கம் தண்ணீர் குறைந்தால் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் இலையில் கூடுகிறது. அது காப்பு செல்லுக்கு வந்ததும் செல்லுக்குள் கால்சியம் ஏறுகிறது, எதிர்மின் அயனிகளுக்கான கால்வாய் திறக்கிறது. முதலில் வெளியேறுவது குளோரைடும் மாலேட்டும்தான். எதிர்மின்சுமை போனதும் உள்ளே இருந்த மின்னழுத்தம் சரிகிறது. அந்தச் சரிவைப் பார்த்துத்தான் பொட்டாசியம் வெளியேறும் கால்வாய், இது வேறு கால்வாய், திறக்கிறது. தண்ணீர் கடைசியில் போகிறது. இந்த எதிர்மின் கால்வாயை 2008-ல் அடையாளம் கண்டவர்களில் ஒரு குழு, ஓசோன் பட்டதும் மற்றச் செடிகளைவிடச் சீக்கிரம் கருகிய ஒரு செடியைத் துரத்திக்கொண்டு போனவர்கள். அந்தச் செடிக்கு வாயை மூடத் தெரியவில்லை, நச்சுக் காற்று தடையில்லாமல் உள்ளே போனது.

பம்பு நிற்காமல் ஓடினாலும் ஆபத்துதான். பீச், பாதாம் மரங்களைத் தாக்கும் ஒரு பூஞ்சை ஃப்யூசிகாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கிறது. அது புரோட்டான் பம்பை ஓடும் நிலையிலேயே பூட்டிவிடும். இருட்டிலும் வறட்சியிலும் துளை திறந்தபடியே இருக்கும், இலை வாடிச் சாகும்.

இப்போது அக்கா மகளின் பாதி திறந்த துளைகளுக்கு வருவோம். நான் முதலில் சந்தேகப்பட்டது அவளுடைய உப்பின் அளவை. 100 மில்லிக்கு 0.37 கிராம், ஆய்வுக்கூடங்களில் போடுகிற 50 மில்லிமோலார் அளவு. நிறுத்துப் பார்த்தேன், சரியாக இருந்தது. விளக்கு வெள்ளை எல்.இ.டி., நீல ஒளி உண்டு. மிச்சமிருந்தது தண்ணீர். எங்கள் போர்த் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறது. பெரும்பாலும் கால்சியம். செல்லுக்குள் ‘மூடு’ என்று சொல்கிற அதே கால்சியம். கானாவாழைத் தோலை மிதக்கவிடும் நீரில் கால்சியம் இருந்தால் துளை சரியாகத் திறக்காது என்பது 1980-களிலேயே சோதித்துப் பார்த்த சங்கதி. இலையோடு இருக்கும்போது இந்தத் தொல்லை இவ்வளவு தெரியாது. தோலை உரித்து நேராக நீரில் போட்டதால் கால்சியத்துக்கும் காப்பு செல்லுக்கும் நடுவில் தடுக்க ஆள் இல்லை.

மறுநாள் பெட்ரோல் பங்குப் பக்கம் விற்கும் பேட்டரித் தண்ணீர், அதாவது காய்ச்சி வடித்த நீர், ஒரு பாட்டில் வாங்கி வந்தாள். முந்தின இரவே செடியின் ஒரு கிளையை அட்டைப் பெட்டியால் மூடி இருட்டில் வைத்திருந்தோம், எல்லாத் துளையும் மூடியிருக்கட்டும் என்று. மூன்று கிண்ணங்கள்: வெறும் பேட்டரித் தண்ணீர், அதில் பொட்டாசியம், போர்த் தண்ணீரில் பொட்டாசியம். விளக்கின் கீழே இரண்டரை மணி நேரம். முதல் கிண்ணத்தில் கீறல் போல ஒரு கோடு. மூன்றாவதில் முன்பு போலவே அரைகுறை. இரண்டாவதில் பளிச்சென்று திறந்த வாய்கள்.

அந்தத் தோல் கண்ணாடித் தகட்டில் இருக்கும்போதே, ஒரு ஓரத்தில் கெட்டிச் சர்க்கரைப் பாகு ஒரு சொட்டு விட்டு, மறு ஓரத்தில் டிஷ்யூ பேப்பரை வைத்து இழுக்கச் சொன்னேன். பாகு ஊர்ந்து வந்த திசையில் ஒவ்வொரு துளையாக ஒடுங்கியது. பொட்டாசியம் உள்ளேயேதான் இருந்தது. வெளியே சர்க்கரை கெட்டியாக இருந்ததால் தண்ணீர் மட்டும் இறங்கிப் போனது.

“அப்ப நேத்து போர்த் தண்ணில வச்சதும் இதே மாதிரி தண்ணி வெளிய போனதாலயா மூடுச்சு?” என்றாள். இல்லை, அதில் தண்ணீர் உள்ளே வரவே காரணம் குறைவாக இருந்தது, பொட்டாசியம் போதுமான அளவு ஏறவில்லை என்றேன். இரண்டையும் பிரித்துப் பார்க்க, பாகு பட்ட தோலைத் திரும்பப் பேட்டரித் தண்ணீரில் கழுவிப் பார்த்தோம். ஐந்து நிமிடத்தில் பெரும்பாலான துளைகள் மறுபடி விரிந்துகொண்டன, விளக்கு அணைந்திருந்தபோதும்.