‘இழுப்பு மேற்கோள்’ வேண்டாம், ‘எடுப்பு வரி’ போதும்

கடற்கரை ஊர்களில் வேலைசெய்யும் சின்னத் தொண்டு அமைப்புகளின் ஆண்டறிக்கைகளைத் தமிழில் பார்த்துக்கொடுக்கும் வேலை எனக்கு அடிக்கடி வரும். பக்க அமைப்புக்கான குறிப்பு ஆங்கிலத்திலிருந்து பெயர்க்கப்பட்டு வரும்போது, அதில் ‘புல் கோட்’ என்பதற்கு ‘இழுப்பு மேற்கோள்’ என்று போட்டிருக்கிறார்கள். குமரி மாவட்டத்தில் இழுப்பு என்றால் மூச்சிரைப்பு. பிள்ளைகளுக்குக் காய்ச்சல் முற்றி வரும் வலிப்பையும் அப்படிச் சொல்வதுண்டு. சொல்லைப் பெயர்த்தவர் அதை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்திருந்தாலே கை நின்றிருக்கும்.

பொருள் எளியது. கட்டுரைக்குள் இருக்கும் ஒரு வரியை அப்படியே எடுத்து, அதே பக்கத்தில் பெரிய எழுத்தில் தனியாக நிறுத்துவது. ‘புல்’ என்பது இங்கே வெளியே எடுப்பதைக் குறிக்கும். ‘கோட்’ லத்தீனிலிருந்து வந்தது. அதிகாரங்களுக்கும் பகுதிகளுக்கும் எண்ணிட்டுக் குறிப்பது என்ற பொருளில் தொடங்கி, பிறகு பிறர் சொல்லை எடுத்தாள்வதற்கு ஆகியது. வேர் பற்றி இவ்வளவு போதும்.

‘இழுப்பு’ தப்பு என்று சொன்னால் எல்லாரும் ஒத்துக்கொள்வார்கள். சரி, வெறும் ‘மேற்கோள்’ என்று போட்டுவிடலாம் என்பார்கள். என் சண்டை உண்மையில் அந்தச் சொல்லோடுதான். மேற்கோள் நல்ல பழைய சொல். நம் உரையாசிரியர்கள் ஒரு கருத்தை நிறுவ வேறொரு நூலின் வரியைக் காட்டினால் அது மேற்கோள். அது வெளியிலிருந்து வருவது, சான்றாக நிற்பது. புல் கோட் அந்தப் பக்கத்துக்கு உள்ளேயே பிறந்தது. அதற்குச் சான்று வேலை கிடையாது; பக்கத்தைப் புரட்டிக்கொண்டு போகிறவர் கண்ணை நிறுத்துவதே அதன் வேலை. உள்ளேயும் வெளியேயும் ஒரே வரி இரண்டு முறை வருவது அதன் இலக்கணம்.

இந்த வேறுபாடு மங்கினால் பக்கத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். டி.டி.பி. செய்பவரிடம் “இங்கே ஒரு மேற்கோள் வரணும்” என்று சொன்னால் அவர் என்ன செய்வார்? திருக்குறள் போடுவார். வள்ளுவர் சிலையும் விவேகானந்தர் பாறையும் கடலுக்குள் நிற்கிற மாவட்டம் இது. குறளும் விவேகானந்தர் வாக்கும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. மீன் விற்கும் பெண்களைப் பற்றிய பக்கத்தில் ‘ஈதல் இசைபட வாழ்தல்’ பெரிய எழுத்தில் வந்து நிற்கும். குறளில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்தப் பெண் சொன்ன வரி நாலாம் பத்தியில் புதைந்து கிடக்கிறது, நன்கொடை கொடுத்தவர் அதைப் படிக்காமலே அறிக்கையை மூடிவைக்கிறார். டி.டி.பி. செய்தவர்மேல் குற்றமில்லை. கேட்டது மேற்கோள், கிடைத்ததும் மேற்கோள்.

ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்வோம். குளச்சல் பக்கம் தலைச்சுமடாக மீன் விற்கும் பெண்களுக்கு ஐஸ் பெட்டி வாங்கிக் கொடுத்த கதை. பக்கத்தில் முந்நூறு சொல்லும் ஒரு படமும் இருக்கின்றன. அதற்கு நடுவில் ஒரு பெண் சொல்கிறார்: “முன்னாடி சாயங்காலம் ஆனா வந்த வெலைக்குத் தள்ளணும். இப்ப பெட்டி இருக்கு, மிச்ச மீனை மறுநாளும் விக்கலாம்.” இரண்டாவது வாக்கியம்தான் எடுக்க வேண்டியது. ஏழு சொல்தான், முன்பின் தெரியாதவருக்கும் தனியே விளங்கும், என்ன மாறியது என்பதும் அதிலேயே இருக்கிறது. “இந்த அமைப்புக்கு ரொம்ப நன்றி” என்ற வரியை எடுத்தால் அது எந்த அறிக்கைக்கும் பொருந்தும், அதனாலேயே யாரையும் நிறுத்தாது.

எடுத்ததை எங்கே வைப்பது? கட்டுரையில் அந்த வாக்கியம் வரும் இடத்துக்கு ஒட்டி வைத்தால், படிப்பவர் ஒரே வரியை அடுத்தடுத்து இரண்டு தடவை படித்து அச்சுப்பிழையோ என்று நினைப்பார். ஒரு பத்தி முன்னால், மேலே வைக்க வேண்டும். அதைவிடப் பெரிய ஆபத்து படத்தில் இருக்கிறது. வரிக்குப் பக்கத்தில் வேறொரு பெண்ணின் முகம் இருந்தால், சொன்னவர் அவர்தான் என்று கண் முடிவு கட்டிவிடும். ஆகவே சொன்னவர் படத்தைப் போடுங்கள். இல்லையென்றால் முகமே இல்லாத படமாக, பெட்டியும் மீனும் தெரியும் படமாகப் போடுங்கள்.

இன்னொன்று. அந்த ‘வெலை’யை ‘விலை’ ஆக்கி, ‘விக்கலாம்’ என்பதை ‘விற்பனை செய்ய இயலும்’ என்று திருத்தும் மொழிபெயர்ப்பாளர்களைப் பார்க்கிறேன். கலைச்சொல் தூய தமிழில் இருக்க வேண்டும் என்று கேட்பவன்தான் நானும். ஆனால் ஒருவர் வாயிலிருந்து வந்த பேச்சு கலைச்சொல் அல்ல. வரியைச் சுருக்கலாம், வெட்டிய இடத்தில் புள்ளி வைக்கலாம், மாற்றக் கூடாது. மாற்றினால் உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக நின்று, இரண்டில் எது அவர் சொன்னது என்ற சந்தேகம் வரும்.

இதற்குத்தான் ‘எடுப்பு வரி’ என்கிறேன். எடுத்தது என்ற பொருள் அதில் இருக்கிறது. ‘எடுப்பா இருக்கு’ என்று நாம் சொல்லும் கண்ணைப் பிடிக்கும் பொருளும் இருக்கிறது. தமிழிசையில் பல்லவிக்கு எடுப்பு என்றே பெயர். பல்லவியும் திரும்பத் திரும்ப வரும் வரிதானே. ஆண்டறிக்கையில் 80ஜி வரிவிலக்குப் பக்கம் இருக்கும்போது ‘வரி’ குழப்பாதா என்று ஒரு நண்பர் கேட்டார். முதல் வரி, கடைசி வரி என்று சொல்லும்போது யாரும் வருமான வரியை நினைப்பதில்லை. ‘எடுப்புரை’ என்று மாற்றச் சொன்னார். உரை என்றால் நீளம் வந்துவிடுகிறது, ஒற்றை வரி என்ற கட்டுப்பாடு போய்விடுகிறது.

இதே குறிப்பில் ‘கேப்ஷன்’ என்பதைத் ‘தலைப்பு’ என்று போட்டிருந்தார்கள். ஆங்கிலத்தில் அச்சொல் முன்பு சட்ட ஆவணத்தின் தலைப்பகுதியையும் குறித்தது உண்மை. அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்து ஒட்டியதன் விளைவு இது. படத்துக்குத் தலைப்பு கேட்டால் ‘நலத்திட்ட விழா’ என்றுதான் வரும். படக்குறிப்பு என்று கேட்டால்தான் யார், எங்கே, எப்போது என்று எழுதத் தோன்றும். குளச்சல் துறைமுகத்தில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும் படத்தைப் பார்த்தால் வெளியூர்க்காரருக்குத் தொழிலே முடங்கியது போலத் தெரியும். ‘ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம், அப்போது எடுத்த படம்’ என்று கீழே இருந்தால் படம் வேறு கதை சொல்லும்.

கடைசியாக ‘போட்டோ ட்ரீட்மென்ட்’. அதற்குப் ‘படச் சிகிச்சை’ என்று எழுதியவரை எப்படித் தேற்றுவது என்று தெரியவில்லை. எல்லாப் படங்களையும் ஒரே வெட்டளவில், ஒரே நிறச்சமநிலையில் கொண்டுவருவதைத்தான் அது சொல்கிறது. ‘படச் சீரமைப்பு’ என்றால் தீர்ந்தது. நீலத் தார்ப்பாய்க்கு அடியில் எடுத்த படத்தில் முகமெல்லாம் நீலம் பாரிக்கும், அடுத்த பக்கத்தில் குழல்விளக்கடியில் எடுத்த டியூஷன் படம் பச்சையடிக்கும். படத்தில் இருக்கும் வெள்ளைத் துணியையோ சுவரையோ காட்டி நிறத்தைச் சரிசெய்து, எல்லாவற்றையும் மூன்றுக்கு இரண்டாக வெட்டினால் ஒரே அறிக்கையின் படங்களாகத் தெரியும். வாட்ஸாப்பில் சுருங்கி வந்த படத்தை இது காப்பாற்றாது. 1600 பிக்சல் அகலப் படம் 300 டிபிஐ அச்சில் பதின்மூன்றரை சென்டிமீட்டர்தான் தாங்கும். அதை ஏ4 முழு அகலத்துக்கு இழுத்தால் முகம் கரைந்துவிடும். படத்தை டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள்.