சிநேகிதிக்குச் சொல்லாமலே புரியும் என்று இருந்துவிடாதீர்கள்

போன வாரமும் ஒருவர் என் முன்னால் அழுதார். கீமோவின் வலிக்காக இல்லை. "20 வருஷ சிநேகிதி, ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை" என்று. புற்றுநோய்ப் பிரிவில் ஆலோசகராக இருக்கும் நான் இதைக் கேட்காத மாதமே இல்லை.

அந்தச் சிநேகிதியிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். மூன்று தோழிகளுக்கும் ஒரே செய்தியை அனுப்பியிருந்தார்: "எனக்கு மார்பகப் புற்றுநோய். கீமோ ஆரம்பித்தாகிவிட்டது." அவ்வளவுதான். ஒருத்தி தினமும் மூன்று முறை கூப்பிட்டாள். இன்னொருத்தி தொந்தரவு கூடாதென்று ஒதுங்கிவிட்டாள். மூன்றாமவள் பத்தாம் நாள் ஜலதோஷத்தோடு வந்து கட்டிப்பிடித்தாள். மூவருக்குமே பாசம்தான். என்ன செய்வதென்று ஆளுக்கொன்றாக ஊகித்துக்கொண்டார்கள்.

"நெருங்கியவளுக்குச் சொல்லித்தான் தெரியணுமா?" என்று கேட்கிறார்கள். ஆமாம், சொல்லித்தான் தெரியும்! உங்களுக்கு வேண்டியதே வாரத்துக்கு வாரம் மாறுகிறது. இவருக்கு 21 நாளுக்கு ஒரு முறை கீமோ மருந்து ஏறுகிறது. மருந்து ஏறிய முதல் சில நாள் பேசவே தெம்பில்லை. ஏறக்குறைய 7 முதல் 14 நாள் வரை வெள்ளையணுக்கள் குறைந்திருக்கும், அப்போது சாதாரண சளியும் ஆபத்து. மூன்றாவது வாரத்தில்தான் ஆள் தேறுகிறார். இன்று எத்தனையாவது நாள் என்று வெளியே இருப்பவளுக்கு எப்படித் தெரியும்? எவ்வளவு நெருங்கியவளானாலும் தெரியாது.

இருவருமாக உட்கார்ந்து புதிதாக எழுதினோம்:

"மருந்து ஏறிய முதல் ஐந்து நாள் கூப்பிடாதே, மெசேஜ் அனுப்பு. பதில் வராவிட்டால் பயப்படாதே. இரண்டாவது வாரம் நேரில் வேண்டாம், போனில் பேசலாம். மூன்றாவது வாரம் வா, அரை மணி நேரம் இரு. நோயைப் பற்றி நானே எடுத்தால் பேசலாம், இல்லையென்றால் உன் ஆபீஸ் கதையைச் சொல். வேறு யாருக்கும் நீ சொல்லாதே. அடுத்த மருந்துத் தேதியை நானே அனுப்புகிறேன்."

நாள் கணக்கு மருந்துக்கு மருந்து மாறும், உங்களுடையதை மருத்துவரிடம் கேட்டு எழுதுங்கள். மனதார நினைக்காவிட்டால் "எப்ப வேணும்னாலும் கூப்பிடு" என்று எழுதவே எழுதாதீர்கள். அதை நம்பி ஒருவர் நள்ளிரவில் கூப்பிடுவார், நீங்கள் எடுக்க மாட்டீர்கள், இருவருக்கும் மனம் நோகும். வேண்டியது மாறினால் மறுபடி ஒரு வரி அனுப்புங்கள், அதில் தப்பே இல்லை. எழுதவே தெம்பில்லாவிட்டால் ஒரு தோழியைப் பொறுப்பாக்கி மற்றவர்களுக்குச் சொல்லச் செய்யுங்கள்.

நண்பர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். "ஏதாவது வேணும்னா சொல்லு" என்று விட்டுவிடாதீர்கள். யோசிக்கும் வேலையும் நோயாளி தலையில்தான் விழுகிறது. "வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்கு நான் கூட்டிப்போகவா?" என்று கேளுங்கள், ஆம் இல்லை என்று சொன்னால் போதும்.

ஒதுங்கியிருந்தவளிடமிருந்து பத்து நிமிடத்தில் பதில் வந்தது: "கூப்பிட்டால் உனக்குக் கஷ்டமாக இருக்குமோ என்று தினமும் போனை எடுத்து எடுத்து வைத்தேன்."