வட்டாட்சியர் உயிரோடுதான் இருக்கிறார்

சென்ற வாரம் ஒரு தம்பி மனு எழுதிக்கொண்டு வந்து காட்டினார். பெறுநர் பகுதியில் ‘தெய்வத்திரு வட்டாட்சியர் அவர்கள்’ என்று இருந்தது. ‘திரு’வைவிட ‘உயர்திரு’ பெரிது என்றால் ‘தெய்வத்திரு’ அதைவிடப் பெரிதாக இருக்கும் என்று நினைத்துவிட்டார். தெய்வத்திரு என்பது இறந்துபோனவர்களுக்குப் போடுவது, தம்பி. கருமாதிப் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள்.

நான் தாலுகா ஊர் ஒன்றில் வழக்கறிஞராக இருக்கிறேன். ஆண்டுக்கணக்காக அலையவிட்டபின் ‘கோர்ட்டுக்குப் போய்விடலாம்’ என்று மனுக்கட்டோடு வருபவர்கள்தான் என்னிடம் அதிகம். கட்டைப் பிரித்தால் பாதி சிக்கல் அந்த மனுவிலேயே கிடக்கும். அடைமொழி எவ்வளவு கனமோ அவ்வளவு வேகமாக மனு நகரும் என்ற நம்பிக்கை ஒழியவே மாட்டேன் என்கிறது. தபால் பிரிவு எழுத்தர் அடைமொழியைப் படிப்பதில்லை. ‘பொருள்’ என்ற வரியைப் படித்து, எந்தப் பிரிவுக்கு அனுப்புவது என்று முடிவு செய்கிறார், அவ்வளவுதான்.

ஆகவே ஒருமுறை சொல்லிவிடுகிறேன். மேதகு ஆளுநருக்கு. மாண்புமிகு அமைச்சர்களுக்கு. மாண்பமை நீதிபதிகளுக்கு. வட்டாட்சியருக்கும் கோட்டாட்சியருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் ‘உயர்திரு’ போடலாம். பதவிப் பெயருக்குப் பின் ‘அவர்கள்’ சேர்த்தாலே மரியாதை நிறைந்துவிடும், உயர்திருகூடக் கட்டாயமில்லை. அதிகாரியின் சொந்தப் பெயரை எழுதாதீர்கள். மனு பதவிக்குப் போகிறது. அடுத்த மாதம் அவர் மாற்றலாகிப் போனாலும் அந்த நாற்காலிக்கு வருபவரை அது கட்டும். விளி ‘ஐயா’ அல்லது ‘அம்மையீர்’. யார் இருக்கிறார் என்று தெரியாவிட்டால் இரண்டையும் சாய்கோடு போட்டு எழுதலாம். உள்ளே ‘நீங்கள்’ வேண்டாம், ‘தாங்கள்’. உங்கள் பெயருக்கு முன் நீங்களே ‘திரு’ போட்டுக்கொள்ளாதீர்கள். ‘தங்கள் பொற்பாதம் பணிந்து’ என்றெல்லாம் எழுதுபவர்களிடம் ஒரு கெஞ்சல்: வேண்டாம். குடிமகன் எழுதுகிறார், அடிமை அல்ல.

உண்மையில் கவனிக்க வேண்டிய மரியாதை வினைச்சொல்லின் விகுதியில் இருக்கிறது. அதில் சறுக்கினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு அம்மாவின் மனுவைச் சொல்கிறேன்.

அவர் வீட்டுக்குப் பின்னால் அரசு வாய்க்கால் ஒன்று ஓடுகிறது. பக்கத்து மனைக்காரர் அதில் மண்ணைக் கொட்டி மேடாக்கிவிட்டார். மழை பெய்தால் தண்ணீர் அம்மாவின் அடுப்படிக்கு வருகிறது. தமிழ் மனுவில் இப்படி எழுதியிருந்தார்: ‘வருவாய் ஆய்வாளர் அவர்கள் வந்து பார்த்தார்கள். மண்ணை எடுக்கச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து மறுபடியும் மண்ணைக் கொட்டிவிட்டார்கள்.’

நமக்குப் புரிகிறது. கொட்டியது மனைக்காரர். ஆனால் மூன்று வாக்கியத்துக்கும் கண்ணுக்குத் தெரியும் எழுவாய் ஆய்வாளர் ஒருவர்தான். தமிழில் எழுவாயை விட்டுவிடலாம், ஆங்கிலத்தில் விட முடியாது. தட்டச்சு நிலையத்தில் அதை ஆங்கிலத்தில் மாற்றிய பையன் எழுவாயைத் தேடினான், கிடைத்ததைப் போட்டான். ஆங்கில நகலின்படி வருவாய் ஆய்வாளரே வாய்க்காலில் மண் கொட்டியிருந்தார்! போதாததற்கு முதல் பத்தியில் ‘மனைக்காரர் அவர்கள் அடைத்துவிட்டார்கள்’ என்ற மரியாதைப் பன்மை, ஆங்கிலத்தில் ‘அண்டை வீட்டார் பலர்’ என்று ஆகியிருந்தது. ஒருவர் மீது கொடுத்த புகார் ஒரு தெருவின் மீது போய் விழுந்தது. பையனைக் குறை சொல்ல மாட்டேன். அவனுக்குக் கிடைத்த தமிழ் அப்படி.

முகவரியில் மட்டும் ‘அவர்கள்’ போடுங்கள். உள்ளே ஒருவர் செய்ததற்கு ‘வந்தார், பார்த்தார்’ போதும், அதுவே மரியாதைதான். ‘ஆர்கள்’ என்பதைப் பலருக்கு வைத்துக்கொள்ளுங்கள். எழுவாயை ஒவ்வொரு வாக்கியத்திலும் எழுதுங்கள், திரும்பத் திரும்ப வந்தாலும் பரவாயில்லை. எதிராளிக்கும் ‘ஆர்’தான். கோபத்தில் ‘கொட்டிவிட்டான்’ என்று எழுதினால் அது குறையைச் சொல்லும் மனுவாக இல்லாமல் பகையைச் சொல்லும் மனுவாகிவிடும். படிக்கும் அதிகாரிக்கு ‘இது இரண்டு வீட்டுத் தகராறு’ என்று ஒதுக்க ஒரு சாக்கு கிடைக்கும்.

ஆங்கிலத்தில் எழுதினால்தான் மதிப்பார்கள் என்பவர்களுக்கு: 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டின் ஆட்சிமொழி தமிழ். உள்ளூர் அலுவலகத்துக்குத் தமிழ் மனு போதும். அரசியலமைப்பின் 350ஆவது பிரிவும் குறைகளை மாநிலத்தில் வழங்கும் மொழியில் முறையிடும் உரிமையைத் தருகிறது. பிறகு ஆங்கில நகல் எதற்கு? மனுவுக்குப் பதில் வராவிட்டால், அதைப் பரிசீலித்து உத்தரவிடச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடுவோம். அங்கே நடைமுறை ஆங்கிலத்தில். அப்போது உங்கள் தமிழ் மனுவோடு அதன் மொழிபெயர்ப்பும் சேரும். அந்த நாளில் அவசரமாகச் செய்வதைவிட, நடந்தது நினைவில் இருக்கும்போதே செய்துவைப்பது நல்லது.

மொழிபெயர்ப்பு என்றால் மொழிபெயர்ப்புதான். ஆங்கிலத்தில் எழுதும்போது புதிதாக ஒரு குற்றச்சாட்டைச் சேர்க்காதீர்கள். தமிழில் ஐந்து பத்தி என்றால் ஆங்கிலத்திலும் ஐந்து, அதே எண்களோடு. தலைப்பில் ‘இன்ன தேதியிட்ட தமிழ் மனுவின் மொழிபெயர்ப்பு’ என்று எழுதுங்கள். அதைத் தனி மனுவாகக் கொடுத்தால் இரண்டு பதிவு எண் விழுந்து, எது எதற்குப் பதில் என்று பிறகு குழம்பும். ஆங்கிலத்தில் மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். 03.06 என்பதை மார்ச் 6 என்று மாற்றிய நகலை நான் பார்த்திருக்கிறேன். பட்டா, நத்தம், புறம்போக்கு ஆகியவற்றை மொழிபெயர்க்காமல் அப்படியே ஆங்கில எழுத்தில் எழுதுங்கள், நீதிமன்றத்துக்கு அவை தெரிந்த சொற்கள். ‘ஐயா’வுக்கு ‘சார்’ போதும். வட்டாட்சியருக்கு ‘ஆனரபிள்’ வேண்டாம், அங்கேயும் அவர் தாசில்தார்தான்.

அம்மாவின் மனுவைத் திருத்தி எழுதினோம். முதலில் eservices.tn.gov.in தளத்தில் நில விவரம் உள்ள அ-பதிவேட்டையும் நிலத்தின் அளவைக் காட்டும் புலப்படத்தையும் பார்த்தோம். வாய்க்காலுக்குத் தனி உட்பிரிவு எண் இருந்தது. பழைய மனுவில் அவர் தன் வீட்டு மனையின் எண்ணைப் போட்டிருந்தார்! பொருள் வரி இப்படி வந்தது: ‘அரசு வாய்க்கால் புறம்போக்கு, புல எண் 112/3 – ஆக்கிரமிப்பை அகற்றக் கோருதல் – தொடர்பாக.’ கீழே ‘பார்வை’ என்று பழைய மனுவின் தேதி. மூன்றாம் பத்தி இப்படி: ‘வருவாய் ஆய்வாளர் நேரில் பார்வையிட்டு, மண்ணை அகற்றுமாறு மனைக்காரரிடம் கூறினார். ஒரு வாரத்துக்குப் பின் மனைக்காரர் மீண்டும் மண்ணைக் கொட்டினார்.’ கோரிக்கை ஒன்றே ஒன்று: 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின்கீழ் நடவடிக்கை எடுத்து அகற்ற வேண்டும். ‘என் பிள்ளைக்கு வேலையும் வேண்டும்’ என்ற கடைசிப் பத்தியை அம்மா வருத்தத்தோடு விட்டுக்கொடுத்தார்.

தபால் பிரிவில் கொடுத்து, கையில் இருந்த நகலில் தேதியோடு முத்திரை வாங்கினார். முத்திரை இல்லாத நகலோடு என்னிடம் வராதீர்கள், திருப்பி அனுப்பிவிடுவேன்.

இப்போது மனைக்காரருக்கு அந்தச் சட்டத்தின் 7ஆம் பிரிவில் விளக்கம் கேட்டு நோட்டீஸ் போயிருக்கிறது. அவர் பதில் சொல்லியாக வேண்டும், அதன் பிறகுதான் 6ஆம் பிரிவில் அகற்றும் உத்தரவு. ஆங்கில நகல் என் அலமாரியில் இருக்கிறது. அது தேவைப்படாமலே போகட்டும் என்று அம்மா சொல்கிறார். அடுப்படியை மட்டும் ஒரு செங்கல் வரிசை உயர்த்திக் கட்டியிருக்கிறாராம், ஐப்பசி வருகிறதே.